ஃபேக்டரிக்குள் சொந்த 5ஜி: ஆறு வாரம் ஓட்டிப் பார்த்த கதை, உங்கள் கதையும் சொல்லுங்கள்

ஒரகடம்_மெயின்டனன்ஸ்

வாகன உதிரி பாகம் செய்யும் ஃபேக்டரி எங்களுடையது. ஸ்டோர்ஸிலிருந்து அசெம்பிளி லைனுக்கு டிராலி இழுக்க, ஆளில்லாமல் தானே போகும் ஏஜிவி வண்டிகள் 14 ஓடுகின்றன, எல்லாம் வைஃபையில். ஷிஃப்டுக்கு எட்டு பத்து தடவையாவது ஒன்று நடுவழியில் நின்று மஞ்சள் விளக்கைச் சுழற்றும், பின்னால் வருவதெல்லாம் வரிசை கட்டும், யாராவது ஓடிப்போய் ரீசெட் அழுத்தணும். கன்ட்ரோலரிடமிருந்து 500 மில்லிசெகண்ட் பேச்சு வராவிட்டால் வண்டி நின்றுவிடும்படி வைத்திருக்கிறார்கள். அதைக் கூட்ட சேஃப்டி ஆள் சம்மதிக்கவில்லை, அவர் சொல்வதும் சரிதான்.

5ஜி போட்டால் தீரும் என்று மேலிடத்தில் நம்பினார்கள். ஒரு டெலிகாம் நிறுவனம் ஆறு வாரம் சோதனைக்குப் போட்டுக் கொடுத்தது. நான் 7ஆம் நம்பர் வண்டியில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியைக் கட்டி, ஒரு நாள் வைஃபையில், மறுநாள் 5ஜியில், 50 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை கூப்பிட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதும் இதை ஷிஃப்ட் முழுக்க ஓடவிட்டேன்:

```
sudo ping -D -i 0.05 -s 64 192.168.40.1 > agv07.txt
```

சராசரி வைஃபையில் 4 மில்லிசெகண்ட், 5ஜியில் 16. மேனேஜர் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு செலவு?" என்றார். எனக்கும் முகம் செத்துவிட்டது. அப்புறம் சாயங்காலம் உட்கார்ந்து ஃபைலை வரி வரியாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வைஃபை ஃபைலில் `icmp_seq=40211` வரிக்கு அடுத்த வரி `icmp_seq=40229`. நடுவில் 17 பதில் காணோம், அதாவது 900 மில்லிசெகண்ட் வண்டிக்குக் காதே கேட்கவில்லை. இப்படி அந்த ஷிஃப்டில் 11 இடம், ஒன்று மட்டும் 3 செகண்ட் வரை. 5ஜி ஃபைலில் ஒரு நம்பரும் விடுபடவில்லை, மிக மோசமான பதிலே 48 மில்லிசெகண்டில் வந்துவிட்டது. வண்டிக்கு 4-ம் ஒன்றுதான், 48-ம் ஒன்றுதான். அதை நிறுத்துவது அந்த 900தான், சராசரியில் அது தெரியவே தெரியாது.

வேறு யாராவது போட்டுப் பார்த்தீர்களா? நிலைத்து நின்றதா?

சிக்னல்_சிவா

5ஜி என்றால் 1 மில்லிசெகண்ட் சார். 16 வருகிறது என்றால் இன்ஸ்டாலேஷன் தப்பு. மறுபடி டியூன் பண்ணச் சொல்லுங்கள், விடாதீர்கள்.

பழைய_ஸ்டுட்கார்ட்

சிவா, தப்பெல்லாம் இல்லை. அந்த 1 மில்லிசெகண்ட் ரேடியோ பகுதிக்கு மட்டும், அதுவும் அதற்கென்றே 5ஜி தரத்தில் சேர்த்த வசதிகள் டவரிலும் வண்டியில் இருக்கும் மோடத்திலும் இரண்டு பக்கமும் இருந்தால்தான். சந்தையில் வாங்கும் சாதாரண ரவுட்டருக்கு 10 முதல் 20 வரை போய்வர ஆவது சகஜம். காரணம், ஒரே அலைவரிசையில் இறங்குவதும் ஏறுவதும் முறை வைத்து நடக்கிறது, பெரும்பாலும் `DDDSU` என்ற வரிசையில், அதாவது ஐந்து கட்டத்தில் முழுதாக ஏற்றத்துக்கு ஒன்றே ஒன்று. வண்டி ஏதாவது அனுப்பணும் என்றால் முதலில் அனுமதி கேட்கும், அனுமதி வரும், அப்புறம் தன் முறைக்குக் காத்திருந்து அனுப்பும். ரேஷன் கடை டோக்கன் மாதிரி. மெதுவுதான், ஆனால் முண்டியடிப்பு இல்லை. வைஃபையில் காற்று காலியா என்று கேட்டுவிட்டு அவரவர் பேசுகிறார்கள். ஆள் குறைவாக இருந்தால் பறக்கும், சாப்பாட்டு நேரத்தில் நூறு போன் உள்ளே வந்தால் தெரியும் சேதி.

ஆனால் ஒரகடம், உங்களிடம் ஒன்று கேட்கணும். அந்த 11 இடைவெளியும் எந்த இடத்தில் வந்தது? நேரத்தை வைத்து வண்டி எங்கே இருந்தது என்று பார்த்தீர்களா?

ஒரகடம்_மெயின்டனன்ஸ்

பார்த்தேன். 9 தடவை ஒரே இரண்டு இடம். பெயின்ட் ஷாப் முனை, அப்புறம் ஸ்டோர்ஸில் உயர ரேக் இரண்டுக்கும் நடுவே உள்ள சந்து.

தாம்பரம்_ராஜி

எங்கள் வீட்டில் 5ஜி மொட்டை மாடியில் மட்டும்தான் வருகிறது, கீழே வந்தால் 4ஜி ஆகிவிடுகிறது. சொந்த 5ஜி போட எவ்வளவு ஆகும்? மாடி ஒன்றுதான்.

ஒரகடம்_மெயின்டனன்ஸ்

ராஜி மேடம், இது ஃபேக்டரிக்குள் தனி டவர், தனி சிம் போட்டு ஓட்டுவது. வீட்டுக்கு ஒரு நல்ல பிராட்பேண்ட் போதும்.

பழைய_ஸ்டுட்கார்ட்

நினைத்தேன். இரண்டும் வண்டி ஒரு ஆக்சஸ் பாயின்டை விட்டு இன்னொன்றுக்கு மாறும் இடமாகத்தான் இருக்கும். வைஃபையில் எப்போது மாறுவது என்று வண்டிதான் முடிவு செய்யும், பல கார்டுகள் பழையதையே செத்த சிக்னலோடு பிடித்துத் தொங்கும். 5ஜியில் நெட்வொர்க் முடிவு செய்கிறது, அடுத்த டவரில் இடம் தயார் செய்துவிட்டுத்தான் "மாறு" என்று சொல்லும். உங்கள் ஃபைலில் தெரிகிற வித்தியாசத்தில் பெரும் பங்கு இதுதான், வேகம் இல்லை.

பணம் போடுவதற்கு முன்னால் வண்டியில் லினக்ஸ் இருந்தால் `wpa_supplicant.conf` திறந்து பாருங்கள். பின்னணியில் தேடும் வேலை பெரும்பாலும் அணைந்தே இருக்கும்:

```
bgscan="simple:5:-67:60"
```

சிக்னல் -67-க்குக் கீழே போனால் 5 செகண்டுக்கு ஒரு முறை வேறு ஆளைத் தேடும், நன்றாக இருக்கும்போது 60 செகண்டுக்கு ஒரு முறை. கூடவே சட்டென்று மாற உதவும் 802.11r இரண்டு பக்கமும் இருக்கிறதா பாருங்கள். சேனல் 52 முதல் 144 வரை உள்ளதையும் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் ஆக்சஸ் பாயின்ட் அந்தச் சேனலை விட்டு ஓடணும் என்பது பல நாடுகளில் விதி, ரேடாரே இல்லாமல் வெல்டிங் இரைச்சலுக்குக்கூட ஏமாந்து ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

கோவை_பம்ப்செட்

எங்கள் அனுபவம் வேறு. நாங்கள் 5ஜி எடுத்தது வண்டிக்கு இல்லை, கேமராவுக்கு. காஸ்டிங்கில் விரிசல் பார்க்க 9 கேமரா, எல்லாம் படத்தை மேலே அனுப்பணும். டெமோவில் டவுன்லோட் 700 எம்பிபிஎஸ் காட்டினார்கள், எல்லாரும் கைதட்டினோம். அப்லோட் யாரும் கேட்கவில்லை. 9 கேமராவும் சேர்ந்து ஓடியபோது 90-இல் முட்டிக்கொண்டு நின்றது. மேலே சொன்ன டோக்கன் கதைதான் என்று இப்போது புரிகிறது. கடைசியில் கேமராவுக்கெல்லாம் கேபிள் இழுத்தோம். அசையாத பொருளுக்கு எதற்கு ரேடியோ என்று எலெக்ட்ரீஷியன் முதல் நாளே கேட்டார், யாரும் காதில் வாங்கவில்லை.

பர்ச்சேஸ்_மீனாட்சி

எல்லாரும் மில்லிசெகண்ட் பேசுகிறீர்கள், ரூபாய் சொல்லுங்கள் அண்ணா.

ஒரகடம்_மெயின்டனன்ஸ்

எங்களுக்கு வந்த கொட்டேஷன்: இரண்டு ஷெட், ஒரு யார்டு, ஆறு ரேடியோ, எல்லாவற்றையும் நடத்தும் கோர் சர்வர், மூன்று வருஷ சப்போர்ட் சேர்த்து 1.4 கோடி. வண்டிக்கு ஒரு ரவுட்டர் 80,000, 14-க்கு 11.2 லட்சம், அது தனி. வைஃபையைப் புதிதாகப் போட்டால் 40 ஆக்சஸ் பாயின்ட், கேபிள் எல்லாம் சேர்த்து 24 லட்சம். வண்டியில் கார்டு ஏற்கெனவே இருக்கிறது.

பழைய_ஸ்டுட்கார்ட்

ஜெர்மனியில் அலைவரிசைச் செலவு ஒரு பொருட்டே இல்லை. 2019 முதல் 3.7 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை ஃபேக்டரியே நேரடியாக வாங்கலாம், கட்டணம் சூத்திரத்தில்:

```
1000 + B · t · 5 · (6·a1 + a2)
```

`B` மெகாஹெர்ட்ஸ், `t` வருஷம், `a1` குடியிருப்பு, போக்குவரத்துப் பகுதி, `a2` மற்ற இடம், இரண்டும் சதுர கிலோமீட்டரில். 0.2 சதுர கிலோமீட்டர் ஃபேக்டரி முழுக்க `a1` என்றே வைத்தாலும் 100 மெகாஹெர்ட்ஸ், 10 வருஷத்துக்கு மொத்தம் 7,000 யூரோ. நம் ஊரில் 2022-இல் தொலைத்தொடர்புத் துறை வழிகாட்டுதல் கொடுத்தது, ஆனால் நாங்கள் விசாரித்தபோது டெலிகாம் நிறுவனத்திடம் போவதுதான் நடைமுறையில் இருந்த ஒரே வழி. அதனால் விலை அவர்கள் கையில்.

ஒரகடம்_மெயின்டனன்ஸ்

மூன்று வாரம் கழித்து வந்து சொல்கிறேன். `bgscan` போட்டு, சேனலை மாற்றி, பெயின்ட் ஷாப் முனையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் கூட்டினோம். ஷெட்டுக்குள் நிற்பது ஷிஃப்டுக்கு ஒன்று, சில நாள் அதுவும் இல்லை.

இரண்டு விஷயம் பாக்கி. ஒன்று, இரண்டு ஷெட்டுக்கும் நடுவே 180 மீட்டர் திறந்த யார்டு, கன்டெய்னர் லாரி வந்து நின்றால் வைஃபை அங்கே செத்துவிடுகிறது, 5ஜியில் அந்தத் தொல்லையே இல்லை. இன்னொன்று, சோதனையின் நான்காவது வாரம் கோர் சர்வரின் பவர் சப்ளை போய் 14 வண்டியும் ஒரே நொடியில் நின்றன, சரியாக 2 மணி 10 நிமிஷம். வைஃபையில் ஒரு பெட்டி போனால் ஒரு மூலைதான் போகும். இரட்டை கோர் கேட்டால் கொட்டேஷன் இன்னும் ஏறும். யார்டுக்கு மட்டும் 5ஜி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறேன், அப்படியானால் வண்டிக்கு இரண்டு ரேடியோ, வாசலில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்போது என்ன ஆகும் என்று யாருக்காவது தெரியுமா?

சிக்னல்_சிவா

அதுக்குத்தான் சொன்னேன், முழுசா 5ஜிக்குப் போய்விடுங்கள் என்று.

பர்ச்சேஸ்_மீனாட்சி

1.4 கோடி நீங்கள் கொடுங்கள் சிவா.