கோப்பை பத்து வந்தால் காதல் முடிந்துவிட்டதா?

வெள்ளவத்தை நிலா: எனக்கும் என் காதலருக்கும் மும்மூன்று டாரட் சீட்டுகள் விரித்தேன். மேலே கடந்தது, நடுவில் இப்போதுள்ளது, கீழே விரும்புவது. எனக்குக் கோப்பை எட்டு, வாள் ஒன்பது, கோப்பை பத்து. அவருக்குக் கோல் ஏஸ், கோப்பை இரண்டு, கோல் மூன்று. பெரிய எண்களெல்லாம் என் பக்கம் வந்தால் காதல் முடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

கொட்டாஞ்சேனை ராஜன்: சொன்னவன் நான்தான். கோப்பை வரிசையில் பத்துக்குப் பிறகு எண்ணிட்ட சீட்டு இல்லை. ஆகவே அது முடிவு.

தெஹிவளை மூத்தவள்: ராஜன், படத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் வாசிக்கும் இந்தப் பழக்கத்தை நீங்கள் எப்போது விடுவீர்கள்? 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டுக்கட்டில், கோப்பை பத்தில் வானவில்லின் கீழே ஒரு தம்பதி கைகளை உயர்த்தி நிற்க, இரண்டு குழந்தைகள் ஆடுகிறார்கள். வாள் பத்திலோ முதுகில் பத்து வாள்கள் குத்தப்பட்டு ஒருவன் கிடக்கிறான். இரண்டும் பத்துதான். முதலாவது நிறைவு, இரண்டாவது அழிவு. தங்கச்சி, உங்கள் பத்து விரும்பும் இடத்தில் விழுந்திருக்கிறது. எனவே அது நடந்து முடிந்ததைச் சொல்லவில்லை, நீங்கள் கேட்கும் குடும்பத்தைச் சொல்கிறது. எட்டில் அடுக்கிய கோப்பைகளை விட்டு ஒருவன் நடந்து போகிறான், ஒன்பதில் ஒருத்தி படுக்கையில் எழுந்து முகத்தைப் பொத்துகிறாள். பழைய உறவொன்றை விட்டு வந்து, இதுவும் குலைந்துவிடுமோ என்று உறக்கமிழந்திருக்கிறீர்கள். அவரோ கோல் மூன்றில் கரையில் நின்று கப்பல்களைப் பார்க்கிறார், இப்போதுதான் தொடங்குகிறார். நீங்கள் பத்திலிருந்து பேச, அவர் மூன்றிலிருந்து கேட்கிறார். சிக்கல் அந்த இடைவெளியில் இருக்கிறது.

ராஜன்: மார்செய் என்ற பழைய சீட்டுக்கட்டில் வானவில்லும் இல்லை, குழந்தைகளும் இல்லை. ஒன்பது கோப்பைகள் நிமிர்ந்திருக்க, பத்தாவது மேலே சாய்ந்து கிடக்கிறது. அங்கே எண்ணைத்தானே வாசிக்க வேண்டும்? பத்து முடிவுதான்.

மூத்தவள்: நிலா விரித்தது மார்செய் கட்டு என்று யார் சொன்னது? போன மாதமும் இப்படித்தான் வேறொரு கட்டைக் கொண்டுவந்து நுழைத்தீர்கள்.

பம்பலப்பிட்டி குமார்: பத்தின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்று. ஆகவே கோப்பை பத்து ஒரு புதிய தொடக்கம், அவருடைய ஏஸோடு பொருந்துகிறது.

மூத்தவள்: பாதி சரி, தம்பி. ஒரு சுற்று முடிந்த பிறகுதான் மறுசுற்று வரும். அதற்காகப் பத்தையே ஏஸாக்கினால் இரு பக்கங்களுக்கும் உள்ள வேறுபாடு அழிந்துபோகும்.

மட்டக்குளி சுமதி: எனக்கும் கோப்பை பத்து வந்தது. ஆறு மாதத்தில் பிரிந்துவிட்டோம்.

ராஜன்: பாருங்கள், பத்து முடிவுதான்.

மூத்தவள்: சுமதி, அது எந்த இடத்தில் விழுந்தது?

சுமதி: இடம் நினைவில்லை. அந்த வானவில்லை மட்டும் மறக்க முடியவில்லை.

ராஜன்: இடம் எதுவானாலும் பத்து பத்துதான்.

நிலா: அக்கா, அவருடைய மூன்று என் பத்துக்கு வந்து சேருமா?

மூத்தவள்: அதை இந்த ஆறு சீட்டுகள் சொல்லவில்லை. ராஜன், கோப்பை பத்தும் வாள் பத்தும் ஒன்றா என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் தரவில்லை.