ஏழு வாரம் பூட்டிக் கிடந்த குளியலறை: ஹோஸைக் கழற்றிப் பார்த்த கதை

பாணஸ்வாடி சுதா

அப்பாவின் கண் ஆபரேஷனுக்காகக் கும்பகோணம் போனவர்கள், ஏழு வாரம் கழித்துப் போன ஞாயிறுதான் பெங்களூரு திரும்பினோம். நாலாவது மாடி ஃபிளாட். அத்தைக்கு (மாமியார்) 72 வயது, சர்க்கரை, கூடவே பழைய ஆஸ்துமா. ராத்திரி ரயிலில் வந்த அலுப்பில் நேராகக் குளிக்கப் போனார். பக்கெட் நிறையும்வரை நிற்க முடியவில்லை என்று ஸ்டூலில் உட்கார்ந்து கை ஷவரைத் திறந்திருக்கிறார்.

முதலில் புஸ் புஸ்ஸென்று காற்று. அப்புறம் லைட் டீ நிறத்தில் தண்ணீர், சம்ப் மூடியைத் திறந்தால் வருமே அந்த வாடை. வெள்ளை டைல்ஸில் தேயிலைத் தூள் கொட்டியது போல் கறுப்புத் துணுக்குகள். "சுதா, இங்க வா"ன்னு ஒரே சத்தம்.

அவரை வெளியே அனுப்பிவிட்டு ஹோஸைக் கழற்றினேன். வெளியே பளபளவென்று ஸ்டீல். முனையில் சுண்டு விரலை விட்டால், மூன்று நாள் ஊறிய வெண்டைக்காய் போல வழவழ. விரலில் கறுப்பு ஒட்டியது. இத்தனை நாள் இதன் வழியாகத்தானே குளித்தோம் என்று வயிற்றைப் புரட்டியது.

இப்போது என் கேள்வி இரண்டு. எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டால் போதும்? டேங்கர் தண்ணீர் விற்கிற விலையில் மணிக்கணக்காகத் திறந்துவிட மனசு வரவில்லை. ஹோஸைக் கழுவலாமா, தூக்கிப் போடுவதா?

ராஜாஜிநகர் வெங்கட்

மேடம், ரொம்ப யோசிக்காதீர்கள். கீசரை முழுச் சூட்டில் வையுங்கள், அரை மணி நேரம் கழித்து ஷவரைத் திறந்துவிடுங்கள், எல்லா கிருமியும் காலி. வருஷா வருஷம் பாலக்காட்டுக்குப் போய்விட்டு வந்து நான் இதைத்தான் செய்கிறேன். ஒன்றும் ஆனதில்லை.

மல்லேஸ்வரம் மாமி

எங்காத்திலும் இதே வாடைதான்! ஒரு மாசம் பெண் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் பாத்ரூம் கதவைத் திறக்க முடியாது, கரப்பான் வேறு. பிளம்பர் வந்து சொன்னான், தரையில் இருக்கிற ஓட்டைக்கு அடியில் வளைந்த குழாயில் தண்ணீர் நிற்கணுமாம். அது காய்ந்து போனால் சாக்கடைக் காற்று நேராக உள்ளே வரும். கிளம்பும்போது ஓட்டையில் ஒரு சொம்பு தண்ணீர் விட்டு, மேலே ரெண்டு ஸ்பூன் தேங்காயெண்ணெய் ஊற்றிவிடு, சீக்கிரம் காயாது. ஷவருக்கும் அதே வைத்தியமா என்று தெரியலை.

பாணஸ்வாடி சுதா

மாமி, என் வாடை தண்ணீரிலிருந்தே வருகிறது. ஆனாலும் எண்ணெய் யோசனையை அடுத்த முறைக்கு எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்ற ஓட்டல்காரன்

ஓட்டல்களில் மெயின்டனன்ஸ் வேலை 22 வருஷம் பார்த்தவன். ஆள் வராத அறைக் குழாய்களை வாரம் ஒரு தடவை திறந்துவிடுவது எங்களுக்குத் தினப்படி ரிஜிஸ்டரில் எழுதும் விஷயம். காரணம் லீஜனெல்லா என்கிற கிருமி. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலருக்கு நிமோனியா வந்தது. கிருமியை அடையாளம் கண்டது அடுத்த ஆண்டுதான். அதைக் குடிப்பதால் வருகிற ஆபத்து குறைவு, மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து. ஷவர் என்பது தண்ணீரைப் பொடிப்பொடியாக்கி முகத்துக்கு நேரே ஊதும் கருவி. சுதாவின் மாமியாரைப் போல வயதானவர், சர்க்கரை, நுரையீரல் தொல்லை இருப்பவர்தான் இதில் முதலில் மாட்டுவார்.

வெங்கட் சார் பாதி சரி. 60 டிகிரியில் அது சில நிமிடங்களில் சாகும். ஆனால் கரண்ட் பில்லுக்குப் பயந்து கீசர் குமிழை 45இல் வைத்திருந்தால் அது கொல்வதில்லை, வளர்க்கிறது. 25 முதல் 45 வரைதான் அதற்குச் சொர்க்கம். இன்னொன்று, கீசரில் வெந்நீர் இருந்தாலும் ஹோஸுக்கு வருவது பச்சைத் தண்ணீரோடு கலந்த 38, 40 டிகிரிதான். பச்சைத் தண்ணீர்க் குழாயைக் கீசர் தொடுவதே இல்லை.

சுதா அம்மா கேட்ட கணக்குக்கு வருகிறேன். மொட்டைமாடி டேங்கும், கீழே இறங்குகிற பெரிய பைப்பும் மற்ற வீட்டுக்காரர்களும் பயன்படுத்துவது. அங்கே தண்ணீர் தேங்கியிருக்காது. தேங்கியது உங்கள் வீட்டுக் கிளைக் குழாயில். அது 12 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் இஞ்ச் பைப்பில் மீட்டருக்குச் சுமார் 300 மில்லி நிற்கும், மொத்தம் 4 லிட்டருக்குள். அதைப் போல மூன்று மடங்கு வெளியேற்றினால் 12 லிட்டர். ஒரு பக்கெட் போதும், டேங்கர்காரனுக்குப் பயப்பட வேண்டாம். கீசர் 15 லிட்டர் என்றால் அதற்குத் தனியாக இரண்டு பக்கெட். முதலில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகே கீசர் சுவிட்சைப் போடுங்கள், 60இல் வைத்துச் சூடேற்றி விளக்கு அணைந்த பிறகும் ஒரு மணி நேரம் விட்டு, பிறகு வெளியேற்றுங்கள். கையில் பட்டால் கொப்புளம் போடும், குழந்தைகளை விலக்குங்கள்.

திறக்கும் முறைதான் முக்கியம். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, ஹோஸின் முனையைப் பக்கெட்டில் தண்ணீருக்குள் மூழ்கும்படி வைத்துத் திறங்கள், தூவானமே வராது. ஆனால் ஓடும்போது மட்டும் மூழ்கட்டும். நடுவில் டேங்க் காலியானால் ஹோஸ் பக்கெட் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும். ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் போட்டு, ஆஸ்துமாக்காரரை வேறு அறையில் உட்கார வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கக்கூஸில் ஊற்றலாம்.

ஹோஸ் இரண்டு மூன்று வருஷம் பழையது, உள்ளே கறுப்பு வழவழப்பு என்றால் தூக்கிப் போடுங்கள். அதிகம் போனால் சில நூறு ரூபாய். அந்தப் படலம்தான் வீடு, கிருமி அதில் குடியிருக்கிறது. தண்ணீர் ஓடினால் மேலே மிதப்பது போகும், படலம் போகாது.

கே.ஆர்.புரம் குமரேசன்

சார் சொல்வதற்கு முன்னாலேயே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஷவர் தலையில் உப்பு அடைத்திருந்தது, எங்கள் போர்வெல் தண்ணீர் அப்படி. வினிகர் உப்பை எடுக்கும், ப்ளீச் கிருமியைக் கொல்லும், இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் ஒரே வேலையாகப் போகும் என்று நினைத்தேன். பத்து நொடியில் கண் எரிந்தது, தொண்டையில் மிளகாய்ப்பொடி போட்ட மாதிரி. வாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தேன். ஒரு வாரம் இருமல்.

ஓய்வு பெற்ற ஓட்டல்காரன்

குளோரின் வாயு அது. பூட்டிய பாத்ரூமில் மாட்டியிருந்தால் ஆஸ்பத்திரிதான். இரண்டையும் தனித்தனியாகச் செய்யுங்கள், நடுவில் நிறையத் தண்ணீரில் அலசுங்கள்.

புது ஹோஸ் வாங்காமல் கழுவத்தான் போகிறீர்கள் என்றால் இப்படி. இரண்டு முனையையும் கழற்றி, ரப்பர் வாஷரை வெளியே எடுங்கள், அதன் அடியிலும் அழுக்கு ஒளிந்திருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரும், பாட்டில் கழுவும் நீளப் பிரஷும். ஷவர் தலையில் உப்பு இருந்தால் வினிகரில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஊறினால் குரோம் பூச்சு மங்கும். நன்றாக அலசிய பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மில்லி வீட்டு ப்ளீச் கலந்து அரை மணி நேரம். திரவ ப்ளீச்சைச் சொல்கிறேன், ப்ளீச்சிங் பவுடரின் கணக்கு வேறு.

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். ஹோஸைச் சுருட்டி வாளியில் போட்டால் வளைவுகளில் காற்று மாட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் மருந்து தொடவே தொடாது. ஹோஸை இரண்டு கையாலும் ஊஞ்சல் கயிறு போலப் பிடித்து, ஒரு முனையில் புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு பக்கமும் விளிம்பு வரை ஏறினால் நிறைந்துவிட்டது. அப்படியே கதவுக் கொக்கியில் மாட்டி வைக்கலாம். பிறகு வாடை போகும்வரை ஓடவிடுங்கள்.

கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள். உள் குழாய் பிளாஸ்டிக், இளகி வளைந்துவிடும். அடுத்த மாதம் ஒழுக ஆரம்பிக்கும்.

ராஜாஜிநகர் வெங்கட்

சரி, என் கீசர் 50இல்தான் இருக்கிறது, இன்று பார்த்தேன். ஆனால் எனக்கு இன்னும் ஒன்று உறுத்துகிறது. பெங்களூரில் கோடிப் பேர் இப்படித்தான் குளிக்கிறார்கள். இதனால் நோய் வந்தவர் யாரையாவது தெரியுமா? சும்மா பயமுறுத்துகிறோமோ?

ஜெயநகர் மீனா

தெரியும், தெரியாது, இரண்டும்தான் என் பதில். என் மாமனார் மூன்று மாதம் பெரிய மகன் வீட்டில் இருந்துவிட்டு இங்கே வந்து, பூட்டியிருந்த கீழ்மாடி பாத்ரூமில் குளித்தார். ஆறாவது நாள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ராத்திரியில் ஊர் பெயர் மாற்றிப் பேசினார். எக்ஸ்ரேயில் நிமோனியா. மூன்று நாள் கொடுத்த ஊசி வேலை செய்யவில்லை. ஒரு இளம் டாக்டர் வந்து உட்கார்ந்து, "ஓட்டலில் தங்கினீர்களா, பூட்டிய வீட்டில் ஷவர் போட்டீர்களா?" என்று கேட்டார். மருந்தை மாற்றினார், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

சிறுநீர்ப் பரிசோதனையில் லீஜனெல்லா இல்லை என்று வந்தது. டாக்டரிடம் கேட்டபோது, அந்தச் சோதனை முக்கியமாக ஒரு வகையை மட்டுமே பிடிக்கும், இல்லை என்று வந்தாலும் இல்லை என்று அர்த்தமில்லை என்றார். ஷவர் தண்ணீரை யாரும் சோதிக்கவில்லை. ஆகவே அதுதானா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த ஹோஸை மட்டும் அன்றே குப்பையில் போட்டோம்.

ஓய்வு பெற்ற ஓட்டல்காரன்

மீனாம்மா சொன்ன கீழ்மாடி தனி வீடு என்றால் நான் மேலே போட்ட கணக்கு பொருந்தாது. அங்கே டேங்கே மூன்று மாதம் தேங்கியிருக்கும். ஒரு பக்கெட் வெளியேற்றினால் அதன் பின்னால் வருவதும் அதே பழைய தண்ணீர். டேங்கைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஏற்றிய பிறகுதான் குழாய்களைத் திறக்க வேண்டும்.

பாணஸ்வாடி சுதா

நேற்று செய்து முடித்தேன். முதல் மூன்று நான்கு லிட்டரில் டீ நிறம், பிறகு தெளிந்தது. சார் கணக்கு அப்படியே சரியாக வந்ததில் கொஞ்சம் ஆச்சரியம். ஹோஸைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பழையதை நடுவில் கத்தியால் வெட்டிப் பார்த்தேன், உள்ளே முழுக்கக் கறுப்பு, தொங்கும் வளைவில் மட்டும் தடிமன் அதிகம். எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் அதுதானே. அதனால் புது ஹோஸைக் குளித்த பிறகு கொக்கியிலிருந்து எடுத்து, தலை கீழே தொங்கும்படி விட்டுத் தண்ணீரை வடிக்கிறேன்.

அத்தைக்கு இன்றோடு ஐந்தாவது நாள், காய்ச்சல் இல்லை. காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைக்கிறேன் என்று கிண்டல் செய்கிறார். எத்தனை நாள் வரை பார்க்க வேண்டும் சார்?

ஓய்வு பெற்ற ஓட்டல்காரன்

பெரும்பாலும் 10 நாளுக்குள் தெரிந்துவிடும், 14 வரை பாருங்கள். காய்ச்சலோ இருமலோ வந்தால் டாக்டரிடம் போனவுடன், பூட்டிய வீட்டில் ஷவர் போட்டதை நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மல்லேஸ்வரம் மாமி

சுதா, அந்தக் கழிவறைப் பக்கத்தில் தொங்குமே சின்ன ஸ்ப்ரே, அதையும் கழற்றிப் பார்த்தியா? நான் இப்போதான் பார்த்தேன். சொல்லவே வேண்டாம்.