உதவி: அப்பா ஐசியூவில், நாளை மறுநாள் வாய்தா. கோர்ட் கிளார்க்குக்கு எப்படி எழுதுவது?

அல்சூர்_மகன்:
பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட்டில் அப்பா கொடுத்த கடனை வசூலிக்க ஓ.எஸ். வழக்கு நடக்குது. வக்கீல் இல்லை, தானே ஆஜராகிறார். நாளை மறுநாள் அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் நாள். நேற்றிரவு ஹார்ட் அட்டாக். கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை. கிளார்க்குக்கு லெட்டர் கொடுத்தால் வேற தேதி தருவாங்களா?

ராஜாஜிநகர்_வேலு:
மெடிக்கல் சர்டிபிகேட்டோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிடுங்க தம்பி. ரசீது கையில இருந்தா போதும், வாய்தா தானா தள்ளிப்போகும்.

குமாஸ்தா_கே.ஜி.ரோடு:
வேலு சார், சர்டிபிகேட் சரி, தபால் வேண்டாம். தபாலில் வந்தது கோர்ட்டின் அலுவலகப் பிரிவில் பதிவாகி, வழக்குக் கட்டில் சேருவதற்குள் கேஸைக் கூப்பிட்டு முடித்துவிடுவார்கள். எதிர்த்தரப்பு வந்து வாதி வரவில்லை என்றால், சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 விதி 8-ன்படி வழக்கையே தள்ளுபடி செய்யலாம்.

தம்பி, தேதி மாற்றும் அதிகாரம் நீதிபதிக்கு மட்டும்தான். கிளார்க்கோ சிரஸ்தேதாரோ மனுவை வாங்கிக் கட்டில் வைப்பார்கள், அவ்வளவுதான். அதனால் தலைப்பில் நீதிமன்றத்தின் பெயர், சிசிஹெச் ஹால் எண், வழக்கு எண், வாதி பிரதிவாதி பெயர் வரட்டும். ஹால் எண் தப்பானால் பேப்பர் வேறு கட்டுக்குப் போய்விடும், இது அடிக்கடி நடக்கிறது. நாளைக்கே பெஞ்ச் கிளார்க்கிடம் கொடுத்து, உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். இன்னொரு நகல் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு. வாய்தா அன்று காலையில் நீங்களும் ஹாலில் இருந்து, கேஸைக் கூப்பிடும்போது எழுந்து நில்லுங்கள்.

வாசகம் இவ்வளவு போதும். தமிழில் கொடுக்க முடியாது, கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள்:

"இவ்வழக்கின் வாதி என் தந்தை. அவர் (தேதி) அன்று மாரடைப்பால் (மருத்துவமனை) ஐசியூவில் சேர்க்கப்பட்டு, இன்றும் சிகிச்சையில் உள்ளார். அவரது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் குறுக்கு விசாரணைக்கு வர இயலவில்லை. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். நான்கு வாரங்களுக்குப் பிறகு ஒரு தேதி வழங்க வேண்டுகிறேன்."

'கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட' என்பதை விட்டுவிடாதீர்கள். ஆர்டர் 17 விதி 1 பார்க்கச் சொல்வது அதைத்தான். அப்பா கையெழுத்துப் போட முடியாததால், மகன் என்ற முறையில் நீங்களே பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்குங்கள்.

செக்கேஸ்_சுரேஷ்:
என்னோட செக் கேஸ்ல நான் வர முடியாதப்போ வக்கீல் 317 மனு போட்டார். நீங்களும் அதையே போடுங்க ப்ரோ.

குமாஸ்தா_கே.ஜி.ரோடு:
அது கிரிமினல் கேஸில் குற்றம் சாட்டப்பட்டவர் வராததற்கு விலக்குக் கேட்பது, சுரேஷ். கிரிமினல் நடைமுறைக்கான புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் அது இப்போது 355. சிவில் வழக்கின் வாதிக்குப் பொருந்தாது.

அல்சூர்_மகன்:
ரொம்ப நன்றி அண்ணா. டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டில் 'ஓய்வு தேவை' என்று மட்டும் இருக்கு. இது போதுமா? அப்பா ஏற்கெனவே மூணு வாய்தா வாங்கிட்டார், அதுவும் பயமா இருக்கு.

குமாஸ்தா_கே.ஜி.ரோடு:
போதாது. காய்ச்சலுக்கும் அப்படித்தான் எழுதித் தருவார்கள், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். சேர்த்த தேதி, உள்நோயாளி எண், நோய், எத்தனை நாள் நடமாடக் கூடாது, டாக்டரின் கவுன்சில் பதிவு எண், சீல் எல்லாம் இருக்கும்படி மாற்றி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி வரும்வரை காத்திருக்க வேண்டாம், அட்மிஷன் சீட்டை இணைத்தால் போதும்.

ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாதான் என்ற வரம்பு உண்மைதான். ஆனால் 2005-ல் சேலம் வழக்கறிஞர் சங்கம் வழக்கில், வழக்காடுபவர் திடீரென்று மருத்துவமனையில் சேர்வது போன்ற மிக நெருக்கடியான நிலையில் அதற்கு மேலும் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவில் அதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். முந்தைய மூன்றும் எதற்காக வாங்கியவை என்று நீதிபதி கேட்பார், இ-கோர்ட்ஸ் ஆப்பில் வழக்கின் டெய்லி ஸ்டேட்டஸைப் பார்த்துத் தயாராக இருங்கள்.

வக்கீல்_மல்லேஸ்வரம்:
ஒரு சிக்கல். மகன் வழக்கில் கட்சிக்காரர் இல்லை, பவர் பத்திரமும் இல்லை. வக்கீல்கள் சட்டம் 32-ன்படி நீதிபதி அனுமதித்தால்தான் பேச முடியும். எல்லா நீதிபதியும் ஒரே மாதிரி இல்லை. சிலர் பேப்பரைப் பார்த்து உடனே தேதி போடுவார்கள், சிலர் செலவுத்தொகை கட்டச் சொல்வார்கள். தேறி வந்த பிறகும் அப்பாவால் கோர்ட்டுக்கு வர முடியாவிட்டால், ஆர்டர் 26-ன் கீழ் கமிஷனர் வீட்டுக்கே வந்து சாட்சியம் பதிவு செய்யக் கேட்கலாம். நான் அதை முதலிலேயே கேட்டுவிடுவேன்.

குமாஸ்தா_கே.ஜி.ரோடு:
ஐசியூவில் இருக்கும்போது கமிஷன் கேட்டால் எதிர்த்தரப்பு கமிஷனர் செலவு, இடம் என்று இழுக்கும் சார். முதலில் தேதி வாங்கட்டும்.

தம்பி, அன்று மாலையே இ-கோர்ட்ஸ் ஆப்பில் சிஎன்ஆர் எண் போட்டுப் பாருங்கள். அடுத்த தேதி வந்திருந்தால் சரி. தள்ளுபடி என்று காட்டினால், ஆர்டர் 9 விதி 9-ல் மீட்பு மனு போட அன்றிலிருந்து 30 நாள்தான் கணக்கு.