வாய்மொழி வாதத்தைச் சுருக்குவதில் ஒரு சந்தேகம்

வணக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கார்பென்டர் வழக்கு (2017) விசாரணைப் பதிவை வகுப்புக்காகச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். செல்போன் டவர்கள் மூலம் ஒருவர் இருந்த இடங்களைக் காட்டும் 127 நாள் பதிவுகளைப் போலீஸ் வாரண்ட் இல்லாமல் வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

இரு தரப்பு வாதமும் எளிதாக அடங்கிவிட்டது. நீண்ட கால இடப்பதிவு தனிவாழ்க்கையையே காட்டிவிடும், 24 மணி நேரத்துக்கு மேல் போனால் வாரண்ட் வேண்டும் என்கிறார் கார்பென்டரின் வக்கீல். வங்கிப் பதிவு போல இதுவும் நிறுவனத்தின் ஆவணம்தானே என்கிறது அரசு.

சிக்கல் நீதிபதிகளின் கேள்விகளில். அரசு வக்கீலிடம் நீதிபதி கோர்சுச், இந்தத் தகவல் வாடிக்கையாளரின் சொத்து ஆகாதா என்று விடாமல் கேட்கிறார். படித்தால் கார்பென்டர் பக்கம் என்றே தோன்றும். ஆனால் 2018-இல் கார்பென்டருக்கு ஆதரவாக 5-4 என வந்த தீர்ப்பில் அவர் மாறுபட்டோர் வரிசையில் இருந்தார். அதனால் 'ஆதரவு, எதிர்ப்பு' என்று நான் போட்ட பத்தியை அழித்துவிட்டேன்.

இப்போது கேள்வி, யாரிடம் கேட்டார், பதில் நேராக வந்ததா நழுவியதா என்று மட்டும் பக்க எண்ணோடு குறிக்கிறேன். கற்பனைச் சூழல் கேள்விகளையும் இதிலேயே சேர்ப்பீர்களா, தனியாக வைப்பீர்களா? வக்கீல் போகிறபோக்கில் விட்டுக்கொடுப்பதை எங்கே எழுதுவீர்கள்? மாதிரிச் சுருக்கம் இருந்தால் பகிருங்கள்.