சாதாரணக் கவலையா, டாக்டரிடம் போக வேண்டியதா? எப்படித் தெரிந்தது?

கரூர்_அக்கா:
என் வீட்டுக்காரர் கதை இது. பொண்ணு பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை அவர் தூங்கவில்லை, சரி, எல்லா அப்பாவும் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன். நல்ல மார்க்தான் வந்தது. அன்று ராத்திரியே காலேஜ் சீட் கவலை, சீட் கிடைத்ததும் ஹாஸ்டல் கவலை, அது முடிந்ததும் தன் நெஞ்சைப் பற்றிக் கவலை. ஈசிஜி நார்மல் என்றால் ரெண்டு நாள் நிம்மதி, அப்புறம் வேறு டாக்டர். விடியற்காலை முழிப்பு, கழுத்தெல்லாம் இறுக்கம், சும்மா பேசினாலே எரிச்சல். பொண்ணு கிளாஸில் போனை எடுக்கவில்லை என்று வார்டனுக்கு போன் அடித்துவிட்டார், அவள் அழுதுவிட்டாள்.

சும்மா_ஒருத்தன்:
பொறுப்பான அப்பா அப்படித்தான் இருப்பார். காபியைக் குறைக்கச் சொல்லுங்க, தைராய்டு பாருங்க. எங்க மாமாவுக்கு இதே படபடப்பு, கடைசியில் தைராய்டுதான்.

மதுரை_நர்ஸ்:
தைராய்டு பார்க்கச் சொன்னது சரிதான், அது அதிகமானால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்பதால் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடாது. நான் வேலை பார்க்கும் மனநலப் பிரிவில் முதலில் கேட்பது, பதில் கிடைத்த பிறகு கவலை என்ன ஆச்சு என்பதைத்தான். சாதாரணக் கவலை ரிசல்ட் வந்ததும் அடங்கிவிடும். இவருடையது அடங்காமல் அடுத்த விஷயத்துக்குத் தாவுகிறது, உடம்பையும் வீட்டையும் தொட்டுவிட்டது. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இப்படி 6 மாதம் ஓடினால்தான் டாக்டர்கள் அதற்குப் பொதுப் பதற்றக் கோளாறு, அதாவது ஜிஏடி என்று பெயர் வைப்பார்கள், அதற்காக 6 மாதம் காத்திருக்கத் தேவையில்லை, தூக்கமும் வேலையும் கெடுகிறது என்றாலே போகலாம். ஜிஏடி-7 என்று 7 கேள்வி கொடுப்பார்கள், கடந்த 2 வாரத்தைப் பற்றி, மொத்தம் 21 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்ப்பார்கள், அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்வதில்லை.

லிஃப்ட்_பயம்:
எனக்கு லிஃப்டில் மட்டும் மூச்சு அடைக்கும், வெளியே வந்தால் பத்து நிமிஷத்தில் சரி. இதுவும் இதேதானா?

மதுரை_நர்ஸ்:
இல்லை, உங்களுடையது வேறு வகை. லிஃப்டைத் தவிர்த்து தினமும் ஆறு மாடி ஏறுகிறீர்கள் என்றால் காட்டலாம். அக்கா, இன்னொன்று, அவர் கேட்கும்போதெல்லாம் "ஒன்னும் ஆகாது" என்று சொல்கிறீர்களா?

கரூர்_அக்கா:
நாளெல்லாம் அதுதான் என் வேலை.

மதுரை_நர்ஸ்:
அதுதான் சிக்கல். கேட்டதும் கொஞ்சம் ஆறும், அதனாலேயே திரும்பக் கேட்கத் தோன்றும். சட்டென்று நிறுத்தாதீர்கள், சிகிச்சையில் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லித் தருவார்கள்.

சும்மா_ஒருத்தன்:
மாத்திரை ஆரம்பித்தால் விட முடியாதே?

மதுரை_நர்ஸ்:
அல்பிரசோலம் மாதிரி தூக்க வகை மாத்திரைகளில் அந்த ஆபத்து உண்டு, கடையில் தானாக வாங்கவே கூடாது. வழக்கமாக முதலில் தருவது வேறு வகை, வேலை செய்யவே சில வாரம் ஆகும், நிறுத்தும்போதும் டாக்டர் சொல்படி குறைக்க வேண்டும். மாத்திரை இல்லாமல் பேச்சு சிகிச்சையும் உண்டு.

கரூர்_அக்கா:
"எனக்கென்ன பைத்தியமா" என்று வர மறுக்கிறார். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம் என்கிறார்கள், முதலில் நானே பேசிப் பார்க்கப் போகிறேன். யாராவது இப்படி வர மறுத்தவரைக் கூட்டிப் போயிருக்கிறீர்களா?