மஸ்ட்னு சொல்லப் போய் திட்டு வாங்கிட்டேன்: நாதாவா, தோல்ஷெனா?

முதல்வருஷம்: ரஷ்யாவுக்கு மெடிக்கல் படிக்க வந்து மூணு மாசம் ஆச்சு. மஸ்ட்னா தோல்ஷென்னு மனப்பாடம். ஹாஸ்டல் ஆபீஸ்ல சான்றிதழ் கேக்கப் போய், "வி தல்ஷ்னி தாத் ம்னே ஸ்ப்ராவ்கு", நீங்க எனக்கு சான்றிதழ் கொடுத்தே ஆகணும்னு சொன்னேன். அந்தம்மா "யா வாம் நிச்சிவோ நே தல்ஷ்னா", உங்களுக்கு நான் எதுவும் கடமைப்படலன்னு வெடுக்குனு சொல்லிட்டாங்க. என்ன தப்பு?

வாடகைவீடு: தோல்ஷென்னா கடன்தானே! எங்க வீட்டுக்காரம்மா "நீங்க எனக்கு 5000 தல்ஷ்னி"ன்னு மெசேஜ் போட்டாங்க. 5000 தடவை என்ன செய்யணும்னு முழிச்சேன். வாடகை பாக்கியாம்.

குறுக்குவழி: எதுக்குக் குழப்பம்? மஸ்ட், ஷுட் ரெண்டுக்கும் நாதா. கேன்னா மோஷ்னா. மறுக்கணும்னா முன்னால 'நே' போடு. முடிஞ்சுது.

மாஸ்கோமாமா: பாதி சரி. 'நே மோஷ்னா'ன்னு இங்க யாரும் பேச மாட்டாங்க. அதுக்கு எதிர்ச்சொல்லே வேற, 'நில்ஸ்யா'. நம்ம 'வரலாம்' மறுப்புல 'வரக்கூடாது'ன்னு மாறுதே, அதே கதை. கேனை விட்டுட்டு 'லாம்'ல இருந்து போங்க. கதவைத் தட்டி "மோஷ்னா?"ன்னாலே 'வரலாமா'தான். என்னால நீந்த முடியும்னு சொல்ல மோஷ்னா உதவாது, அங்க 'யா உமேயு'.

தங்கச்சி, தோல்ஷென் ஆள் மேல பொறுப்பைக் கட்டுது. அதனாலதான் ஆணுக்கு தோல்ஷென், பெண்ணுக்கு தல்ஷ்னா, 'வி'க்கு தல்ஷ்னின்னு மாறுது. எதிர்ல இருக்கறவங்ககிட்ட சொன்னா 'கொடுக்க நீ கடமைப்பட்டவ'ன்னு கேக்கும். வாடகைவீடு சொன்ன கடனும் அதே சொல்தான். நாதா, அது மாதிரியே வர்ற நூஷ்னா, ரெண்டுலயும் பொறுப்பு ஆள் மேல இல்ல. 'எனக்கு வேணும்' மாதிரி நாலாம் வேற்றுமை: 'ம்னே நாதா இத்தீ', நான் போகணும். உங்க வேலைக்கு "ம்னே நுஷ்னா ஸ்ப்ராவ்கா. மோஷ்னா சிவோத்ன்யா?", எனக்கு சான்றிதழ் வேணும், இன்னிக்கு வாங்கிக்கலாமான்னு கேட்டா போதும்.

குறுக்குவழி: அப்ப ஷுட்?

மாஸ்கோமாமா: செஞ்சா நல்லதுன்னு மட்டும் சொல்ல 'வாம் ஸ்தோயித்'. நாதா அதைவிட அழுத்தம். டீ வேண்டாம்னு சொல்லவும் 'நே நாதா'தான்.

முதல்வருஷம்: நாதாவும் நூஷ்னாவும் ஒண்ணா? நாதான்னு கூப்பிட்டா புராணப் படம் மாதிரி இருக்கு.

மாஸ்கோமாமா: நாதா பேச்சுல அதிகம், கொஞ்சம் அவசரமாவும் கேக்கும்ங்கறது என் காது. என் மனைவி ரஷ்யாக்காரி, வித்தியாசமே இல்லங்கறா. வீட்ல இன்னும் தீரல.

முதல்வருஷம்: இன்னிக்கு நீங்க சொன்ன மாதிரி கேட்டேன். கோபப்படல. "ஸ்ப்ராவ்கா தல்ஷ்னா பித் கதோவா", சான்றிதழ் திங்கக்கிழமை தயாரா இருக்கணும்னாங்க. காகிதத்துக்குக்கூட கடமையா?

மாஸ்கோமாமா: இல்ல, இது எதிர்பார்ப்பு. 'அஞ்சு மணி ரயில் இந்நேரம் வந்திருக்கணும்'கற அந்த 'ணும்'. செவ்வாய்க்கிழமை போங்க.