சம்பள அட்வான்ஸ் ஆப்பிலிருந்து வெளியே வருவது எப்படி?

எங்கள் கம்பெனி எச்ஆர் மூலமாக வந்த ஆப் இது. கையில் வரும் சம்பளம் 24,000. ஏப்ரலில் அம்மாவின் பல் வைத்தியத்துக்காக 18ஆம் தேதி 5,000 எடுத்தேன். வட்டி இல்லை, கட்டணம் 100 ரூபாய், ஜிஎஸ்டி 18. சரி, ஒரு டீச்செலவு என்று நினைத்தேன். 12 நாளைக்கு 118 என்றால் ஆண்டுக்கு 72 சதவீதம் போல வருகிறது!

அடுத்த மாதம் 18,882தான் வந்தது. 18ஆம் தேதியே கை காலி, திரும்பவும் 5,000. இப்படியே ஐந்து மாதம். பல் எப்போதோ சரியாகிவிட்டது.

மாதம் ஆயிரமாகக் குறைக்கப் பார்க்கிறேன். ஆனால் ஆயிரம் எடுத்தாலும் அதே 118. எச்ஆரிடம் சொல்லி லிமிட்டைக் குறைத்தவர்கள், அல்லது ஒரே மாதத்தில் நிறுத்தியவர்கள் இருக்கிறீர்களா? அந்த மாதத்தை எப்படி ஓட்டினீர்கள்?